ஓ.டி.பி. வந்துச்சா மச்சி?

பிப்ரவரி 12, வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. எங்க ஹாஸ்டல் மூணாவது மாடியில ஒரே களேபரம். ‘ஹால் டிக்கெட் விட்டுட்டாங்க’ன்னு எவனோ வாட்ஸ்அப் குரூப்ல போட்ட அடுத்த நிமிஷம், ஆளாளுக்கு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாச்சு. “எனக்கு சென்டர் நாமக்கல்டா!” “அய்யோ, எனக்கு மதியம் செஷன்... சாப்பிட்டுட்டுத் தூங்கிடுவேனே!”ன்னு வராண்டா முழுக்கக் கூச்சல். என் ரூம்மேட் மட்டும் ஸ்க்ரீனைப் பார்த்துட்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

“என்னடா ஆச்சு?”

“அப்ளிகேஷன் நம்பர் கேட்குது. பாஸ்வேர்டு கேட்குது. ரெண்டும் அந்த போன்ல இருக்கு மச்சி.”

அந்த போன் அஞ்சு நாளைக்கு முன்னாடி, போன சனிக்கிழமை, காந்திபுரம் டவுன் பஸ் கூட்டத்துல காணாமப் போயிருந்தது. நோட்ஸ்ல சேவ் பண்ண பாஸ்வேர்டு, கேலரியில இருந்த ஸ்க்ரீன்ஷாட், பதிவு பண்ணின நம்பரோட சிம்... மூணும் ஒரே சட்டைப் பாக்கெட்ல இருந்து ஒரே நேரத்துல கிளம்பிப் போயிடுச்சு. ஞாயித்துக்கிழமையே செகண்ட் ஹேண்ட்ல ஒரு போன் வாங்கி, தன் பேர்ல புது சிம்மும் போட்டுட்டான் நம்மாளு. பழைய நம்பர் அப்பா பேர்ல இருக்கு, ஊருக்குப் போறப்ப பார்த்துக்கலாம்னு விட்டுட்டான். பரீட்சை 22-ஆம் தேதி ஞாயிறு. கையில இருக்கிறது முழுசா ஒன்பது நாள்.

(பேர் போடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் கதையைச் சொல்லச் சம்மதிச்சான். அதனால பேரும் இல்லை, அது எந்தத் தேர்வுங்கிறதும் இல்லை!)

அந்த ஒன்பது நாள்ல மூணு நாளை இந்த ஹால் டிக்கெட் எப்படித் தின்னுச்சுங்கிறதுதான் விஷயம். கூடவே இருந்து பார்த்ததுல, நம்பர் மாத்துறது பத்தி நாம நினைச்சுக்கிட்டு இருக்கிறதுல பாதி தப்புன்னு புரிஞ்சுது.

முதல் தப்பு, ‘நம்பர்தானே, லாகின் பண்ணி மாத்திக்கலாம்’கிறது. லாகின் பண்ண முடிஞ்சா நம்பர் மாத்துற அவசியமே வராதே பாஸ்! சில தளங்கள்ல ப்ரொஃபைல் பக்கத்துல மொபைல் நம்பர் மாத்துற வசதி இருக்கு. ஆனா அங்கேயும் முதல்ல பழைய நம்பருக்கு ஒரு ஓ.டி.பி., அப்புறம் புது நம்பருக்கு ஒரு ஓ.டி.பி.ன்னு ரெண்டு கதவு. பழைய நம்பர் கையில இல்லைன்னா மெயிலுக்கு வர்றது ஒண்ணுதான் வழி. அதாவது, நம்பரைத் தொலைக்கிறதுக்கு முன்னாடி மாத்துறவனுக்கு அது அஞ்சு நிமிஷ வேலை. தொலைச்சவனுக்கு அந்த பட்டன் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பெரிய தேர்வுகள் பலதுல அந்த பட்டனும் கிடையாது. ஜே.இ.இ. மெயின் 2025 முதல் செஷனுக்கு ‘திருத்தம் பண்ணிக்கலாம்’னு என்.டி.ஏ. கொடுத்த அறிவிப்புல, அப்பா பேர், பத்தாவது விவரம், தேர்வு ஊர்னு எதையெதையோ மாத்த விட்டாங்க. மாத்தவே முடியாதுன்னு ஒரு தனிப் பட்டியலும் கொடுத்தாங்க. மொபைல் நம்பரும் இமெயிலும் அதுலதான் இருந்தது. ரயில்வே தேர்வு வாரிய அறிவிப்புகள் இன்னும் கறார். அக்கவுன்ட் உருவாக்கினப்ப கொடுத்த நம்பர், மெயில் ரெண்டையும் அப்புறம் திருத்த முடியாது, எந்தக் கட்டத்திலும் அந்தக் கோரிக்கையே ஏத்துக்க மாட்டோம்னு அச்சடிச்சே கொடுத்திருக்காங்க. நாம யாரும் அந்தப் பக்கத்தைப் படிக்கிறதில்லை. ஸ்க்ரோல் பண்ணி, டிக் அடிச்சு, அடுத்ததுக்குப் போயிடுவோம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்னு முதல்ல எனக்கும் எரிச்சல்தான். யோசிச்சுப் பார்த்தா நியாயம் இருக்கு. என் அப்ளிகேஷன் நம்பரும் பிறந்த தேதியும் எத்தனை பேருக்குத் தெரியும்? க்ளாஸ்மேட், கோச்சிங் சென்டர், ஜெராக்ஸ் கடைக்காரர்... இவங்கள்ல யாரோ ஒருத்தர் போன் பண்ணி, ‘நான்தான் பேசுறேன், நம்பர் மாறிடுச்சு, புது நம்பரைப் போட்டுக்கோங்க’ன்னு சொன்னதும் அவங்க மாத்திட்டா, அப்புறம் என் அக்கவுன்ட் அந்த ஆளோடது. கவுன்சலிங்ல என் காலேஜ் லிஸ்ட்டை அவன் மாத்தி வைக்கலாம். ‘இது நீதான்’னு அவங்க வச்சிருக்கிற ஒரே சாட்சி அந்தப் பத்து இலக்கம்தான். அதை லேசுல விட மாட்டாங்க.

சரி, ரூம்மேட் கதைக்கு வருவோம்.

அந்த ராத்திரி நாங்க முதல்ல செஞ்சது, எந்தக் கதவு திறந்திருக்குன்னு பார்த்ததுதான். ஏன்னா, எல்லாத் தேர்வுக்கும் ஹால் டிக்கெட்டுக்கு ஓ.டி.பி. வேணும்னு கிடையாது. டி.என்.பி.எஸ்.சி.க்கு விண்ணப்ப எண்ணும் பிறந்த தேதியும் இருந்தா போதும். வங்கித் தேர்வுக்கு ஐ.பி.பி.எஸ். தளத்துல ரெஜிஸ்ட்ரேஷன் நம்பரோட பாஸ்வேர்டு அல்லது பிறந்த தேதி. ரயில்வே அழைப்புக் கடிதமும் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர், பிறந்த தேதியில திறந்துடும். என்.டி.ஏ. தேர்வுகள் பலதுல பிறந்த தேதி போட்டு எடுக்கிற லிங்க் தனியா இருக்கும். இந்த மாதிரி இடத்துல சிம் தொலைஞ்சாலும் ஹால் டிக்கெட்டுக்கு ஆபத்தில்லை. நம்ம இன்ஜினீயரிங் பசங்க எழுதுற கேட் தேர்வு வேற மாதிரி. அட்மிட் கார்டு ‘கோப்ஸ்’ தளத்துக்குள்ள இருக்கு. என்ரோல்மென்ட் ஐ.டி. அல்லது மெயில், கூடவே பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனாத்தான் கிடைக்கும். பாஸ்வேர்டு ஞாபகம் இருந்தா கவலையில்லை. மறந்துட்டீங்கன்னா, பதிவு பண்ணின மெயிலும் நம்பரும் கையில இருக்கணும்.

அதனால பதட்டப்படுறதுக்கு முன்னாடி, ஹால் டிக்கெட் பக்கம் என்ன கேட்குதுன்னு நிதானமா ஒரு தடவை படிங்க. பிறந்த தேதி கேட்டா தப்பிச்சீங்க. பாஸ்வேர்டு மட்டும் கேட்டா, ஓ.டி.பி. கதவுதான்.

ரூம்மேட்டுக்கு வாய்ச்சது ரெண்டாவது ரகம். Forgot Password-ஐ அழுத்தினா, ‘மொபைலுக்கு ஓ.டி.பி. வேணுமா, மெயிலுக்கு லிங்க் வேணுமா?’ன்னு கேட்டுச்சு. அதுக்கும் முன்னாடி அப்ளிகேஷன் நம்பர் வேணும். அதுவே இல்லையே!

“மெயில்ல வந்திருக்குமேடா?”

“அது என் மெயில் இல்லை மச்சி... ஊர்ல நெட் சென்டர் அண்ணன் போட்ட மெயிலு.”

அடப்பாவின்னு தலையில அடிச்சுக்கிட்டேன். ஆனா, அவனை மட்டும் சொல்லிக் குத்தமில்லை. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். லீவுக்கு ஊருக்குப் போனப்ப, கடைசித் தேதிக்கு முந்தின நாள், நெட் சென்டர்ல உட்கார்ந்து அப்ளை பண்ணியிருக்கான். பின்னாடி இருபது பேர் வரிசை. ‘மெயில் ஐ.டி. சொல்லு தம்பி’ன்னா, நாம சொல்ற ஸ்பெல்லிங்கை அவர் டைப் பண்ணி, அந்த மெயிலைத் திறந்து ஓ.டி.பி. பார்த்து... அதுக்குள்ள சர்வர் தூங்கிடும். அதனால கடைக்காரர் தன்னோட மெயிலையே தட்டிடுவார். வேலை டக்குனு முடியும். அப்ளிகேஷன் நல்லபடியாப் போச்சேன்னு நாமும் நன்றி சொல்லிட்டு வந்துடுவோம். எங்க ஃப்ளோர்ல அப்புறம் விசாரிச்சப்ப, இவனைத் தவிர இன்னும் மூணு பேர் அதே மாதிரி கை தூக்கினாங்க!

வெள்ளிக்கிழமை காலையில அந்த அண்ணனுக்கு போன். நல்ல மனுஷன். “இருப்பா, எங்கயாவது கெடக்கும்”னு டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் கிண்ட ஆரம்பிச்சார். ஒரே பேர்ல, பின்னாடி அடைப்புக்குறிக்குள்ள நம்பர் போட்டு, நூத்துக்கணக்குல பி.டி.எஃப். அப்ளை பண்ணின தேதி ரூம்மேட்டுக்கு ஞாபகம் இருந்ததால, தேதிவாரியா அடுக்கிப் பார்த்து முக்கால் மணி நேரத்துல பிடிச்சுட்டார். கன்ஃபர்மேஷன் பேஜ் வாட்ஸ்அப்ல வந்து விழுந்துச்சு. அப்ளிகேஷன் நம்பர் கிடைச்சாச்சு!

அடுத்து மெயில். அங்கதான் சறுக்கல். அந்த மெயில் ஐ.டி.யை உருவாக்கினது முன்னாடி கடையில வேலை பார்த்த தம்பி. இப்ப அவர் திருப்பூர்ல பனியன் கம்பெனியில. போன் பண்ணினா, “பாஸ்வேர்டு மறந்துபோச்சே. அந்த மெயிலோட ரெகவரி நம்பரும் என் பழைய நம்பரு”ங்கிறார். ஒரு பூட்டுக்குச் சாவி இன்னொரு பூட்டுக்குள்ள, அதோட சாவி கிணத்துக்குள்ள! ஆக, மெயில் கதவு சாத்தியாச்சு. மிச்சம் இருக்கிறது தொலைஞ்ச சிம்.

சிம் தொலைஞ்சா அதே நம்பருக்கு டூப்ளிகேட் வாங்கலாம்னு எல்லாருக்கும் தெரியும். யார் பேர்ல இருக்கோ அவர்தான் நேர்ல போகணும்கிறது பாதிப் பேருக்குத்தான் தெரியும். நம்பர் அப்பா பேர்ல. பையன் கோயம்புத்தூர்ல ஆதாரைத் தூக்கிட்டு ஷோரூம் ஷோரூமா அலைஞ்சாலும் நடக்காது. அப்பா சங்கரன்கோவில் போகணும்.

அப்பா கொத்தனார். வெள்ளிக்கிழமை மதியம் பாதி வேலையில இறங்கி, மேஸ்திரிகிட்ட சொல்லிட்டு, பஸ் பிடிச்சு ஷோரூம் போனார். அங்க கைரேகை மெஷின்ல விரல் வைக்கச் சொல்லியிருக்காங்க. எடுக்கலை. வலது கை, இடது கை, துடைச்சுட்டு மறுபடி... எடுக்கவே இல்லை. சிமென்ட்லயும் செங்கல்லயும் முப்பது வருஷம் தேய்ஞ்ச விரல். சுண்ணாம்பு அடிக்கிறவங்க, பாத்திரம் தேய்க்கிறவங்க, நம்ம பாட்டிங்க எல்லாருக்கும் நடக்கிற கதைதான் இது. அதுக்கு மாற்றா, ஒரிஜினல் ஆதாரையும் ஆளையும் போட்டோ எடுத்து ஆன்லைன்லயே அனுப்புற முறை இருக்கு. ஆனா அப்பா கொண்டு போயிருந்தது ஜெராக்ஸ். “நாளைக்கு ஒரிஜினலோட வாங்கய்யா”ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு நாள் கூலியும் போச்சு, ஒரு நாளும் போச்சு.

சனிக்கிழமை காலையில மறுபடி போனார். பதினொன்றரைக்கு சிம் கையில. ரெண்டு மணிக்கு டவர் வந்துடுச்சு. அப்பாகிட்ட இருந்தது பட்டன் போன். அதுல சிம்மைப் போட்டுட்டு எங்களுக்குக் கூப்பிட்டார். “ஏல, டவர் வந்துட்டு. இப்ப அனுப்பச் சொல்லு.”

நாங்க இங்க லேப்டாப்ல அழுத்தினோம். அஞ்சு நிமிஷம்... வரலை. மறுபடி அழுத்தினோம். “ஒண்ணும் வரலயேல.” மூணாவது தடவையும் அழுத்தினோம். அவ்வளவுதான். ‘இன்னைக்கு உங்க கோட்டா முடிஞ்சுது’ங்கிற மாதிரி ஒரு வரியைக் காட்டிட்டு, தளம் அன்னைக்குக் கடையைச் சாத்திடுச்சு.

இந்த இடத்துலதான் ரூம்மேட் உடைஞ்சு போயிட்டான். ரெண்டு நாளா அப்பாவை வேலையைக் கெடுத்து அலைய விட்டுட்டேனேன்னு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான். போன் பேச முடியுது, கால் வருது, எஸ்.எம்.எஸ். மட்டும் வரலை. சிம் பழுதா, தளம் பழுதா, ஒண்ணும் விளங்கலை.

அப்பா விடலை. திரும்பவும் ஷோரூமுக்கே போய்க் கேட்டிருக்கார். கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு சொன்ன பதில்தான் இந்தக் கதையிலேயே முக்கியமான வரி: “புது சிம் மாத்தினா 24 மணி நேரத்துக்கு மெசேஜ் வராதுங்கய்யா. எல்லாருக்கும் அப்படித்தான்.”

நிஜம்தான். சிம் மாத்தினதும், அது ஆக்டிவேட் ஆன நேரத்துல இருந்து 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். உள்ளேயும் வரக் கூடாது, வெளியேயும் போகக் கூடாதுன்னு மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2022 நவம்பர்ல எல்லா கம்பெனிக்கும் உத்தரவு போட்டிருக்கு. காரணம், திருடங்க. நம்ம பேர்ல கள்ளத்தனமா டூப்ளிகேட் சிம் வாங்கி, பேங்க் ஓ.டி.பி.யைப் பிடிச்சு, அக்கவுன்ட்டைத் துடைச்சுட்டுப் போற கூட்டம் இருக்கு. அந்த ஒரு நாள் அவகாசத்துல சொந்தக்காரர் முழிச்சுக்கட்டும்னுதான் இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. ஆனா, ஹால் டிக்கெட் எடுக்கக் கடைசி நாள் ராத்திரி சிம் வாங்குற நம்மளை மாதிரி ஆளுங்க இதுல சிக்கிக்கிறோம். கால் பேச முடியுது, எஸ்.எம்.எஸ். மட்டும் வரலைன்னா, அதுதான் அடையாளம். சிம்மைக் கழட்டி மாட்டுறதாலயோ, போனை ஆஃப் பண்ணி ஆன் பண்றதாலயோ ஒண்ணும் நடக்காது. கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான். முக்கியமா, அந்த நேரத்துல ஓ.டி.பி. கேட்டுக் கேட்டு தளத்தோட வாய்ப்புகளை வீணடிச்சுடாதீங்க.

‘கம்பெனி மாறிப் பார்க்கலாமா?’ன்னு பக்கத்து ரூம்காரன் ஒரு ஐடியா சொன்னான். அதுவும் ஆகாது. சிம் மாத்தின ஏழு நாளைக்கு வேற கம்பெனிக்கு போர்ட் பண்ண கோட் கிடைக்காதுன்னு 2024 ஜூலை 1-லிருந்து ட்ராய் விதி இருக்கு.

ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டு மணி தாண்டுச்சு. அவசரப்பட வேண்டாம்னு நாலு மணி வரைக்கும் காத்திருந்தோம். நாலு பத்துக்கு அழுத்தினோம். ஒரு நிமிஷம் ஆகியும் சத்தமில்லை. ரூம்மேட் கை நடுங்கி இன்னொரு தடவை அழுத்திட்டான். அந்த நொடியில அந்தப் பக்கம் அப்பா: “ஏல, நம்பர் வந்துட்டு! குறிச்சுக்கோ...” ஆறு இலக்கம் சொன்னார். அடிச்சா, Invalid OTP!

என்ன ஆச்சுன்னா, அவர் படிச்சது முதல் தடவை கேட்டதுக்கு வந்தது. ரெண்டாவது தடவை அழுத்தின உடனேயே முதல் நம்பர் செல்லாமப் போயிடும். எப்பவும் கடைசியா கேட்டதுக்கு வர்ற ஓ.டி.பி. மட்டும்தான் செல்லும். நெட்வொர்க் நெரிசல்ல ரெண்டும் முன்னப்பின்ன வேற வரும். அடுத்த மெசேஜ் வர்ற வரைக்கும் அப்பாவை லைன்லயே வச்சிருந்து, வந்ததைப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு இலக்கமா அடிச்சோம். திறந்துடுச்சு!

புது பாஸ்வேர்டு போட்டு, ஹால் டிக்கெட்டை டவுன்லோட் பண்ணி, கலர் பிரின்ட் மூணு எடுத்து, எனக்கு ஒண்ணு அனுப்பி, அவங்க அக்காவுக்கு ஒண்ணு அனுப்பி... பட்ட பாடு அப்படி!

இதே வேலையை அவன் போன் தொலைஞ்ச மறுநாளே ஆரம்பிச்சிருந்தா? கைரேகைக்கு ஒரு நாள், 24 மணி நேரத்துக்கு ஒரு நாள்னு போனாலும், ஹால் டிக்கெட் வர்றதுக்கு முந்தின நாளே எல்லாம் முடிஞ்சிருக்கும். புது நம்பர் வாங்கின அதே மணி நேரத்துல பழைய நம்பரை அவன் மறந்துட்டான். அங்கதான் கோட்டை விட்டான்.

இவனோட நம்பர் உயிரோட இருந்தது. அதனால சிம் கிடைச்சுது. நம்பரே செத்துப்போனா? எங்க டிபார்ட்மென்ட் சீனியர் அக்கா ஒருத்தங்களுக்கு அதுதான் நடந்துச்சு. ப்ரீபெய்டு சிம்மை ரீசார்ஜ் பண்ணாம டிராயர்ல போட்டுட்டாங்க. கால், மெசேஜ், டேட்டா எதுவுமே இல்லாம 90 நாள் கிடந்தா, அந்த நம்பரை கம்பெனி முடக்கலாம். பேலன்ஸ்ல 20 ரூபாய் இருந்தா மட்டும் அதைக் கழிச்சுக்கிட்டு இன்னும் 30 நாள் உயிர் கொடுப்பாங்க. முடக்கின பிறகு 90 நாள் வரைக்கும் அதை வேற யாருக்கும் தரக் கூடாது. அதுக்கப்புறம் கடைக்கு வந்துடும். அக்கா தன்னோட பழைய நம்பருக்குத் தானே போன் பண்ணிப் பார்த்தப்ப, மதுரையிலருந்து ஒரு பெரியவர் எடுத்து “யாரும்மா வேணும்?”னாராம்! அந்த நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பினா அது அவருக்குத்தான் போகும். அக்கா தப்பிச்சது, மெயில் அவங்களோடதா இருந்ததால. லிங்க் வந்தது, பாஸ்வேர்டு மாத்தினாங்க, ஹால் டிக்கெட் எடுத்தாங்க. ரெண்டு கதவுல ஒண்ணாவது நம்ம கையில இருக்கணும்கிறது இதுதான்.

மெயில்லயும் நம்ம பசங்க பண்ற ஒரு தப்பு இருக்கு. காலேஜ் கொடுத்த மெயில் ஐ.டி.யில கெத்தா அப்ளை பண்றது! பாஸ் அவுட் ஆனதும் பல காலேஜ்ல அதை மூடிடுவாங்க. கேட் ஸ்கோர் மூணு வருஷத்துக்குச் செல்லும். ஸ்கோர் கார்டை எடுக்கவும் அதே தளத்துக்குள்ள போகணும். ஃபைனல் இயர்ல எழுதிட்டு, ஒரு வருஷம் வேலை பார்த்துட்டு எம்.டெக். போகலாம்னு நினைக்கிறப்ப, அந்த மெயில் இருக்குமா? டி.என்.பி.எஸ்.சி. ஒருமுறைப் பதிவும் அஞ்சு வருஷத்துக்குச் செல்லும். அஞ்சு வருஷத்துல நாம எத்தனை சிம் மாத்துவோம்? ஜிமெயில்லயும் ரெண்டு வருஷம் உள்ளேயே போகலைன்னா அக்கவுன்ட்டை அழிக்கலாம்னு கூகுள் 2023-லயே விதி போட்டிருக்கு. பரீட்சைக்குன்னு தனி ஐ.டி. உருவாக்கி மறந்துபோறவங்க கவனிக்க.

சரி, நம்பரும் போச்சு, மெயிலும் போச்சு, பிறந்த தேதிக் கதவும் இல்லை. அப்ப? ஹெல்ப் டெஸ்க்தான். என்.டி.ஏ. தேர்வுன்னா 011-40759000, அல்லது அந்தந்தத் தேர்வுக்கான மெயில். யு.ஜி.சி. நெட்டுக்கு ugcnet@nta.ac.in, ஜே.இ.இ. மெயினுக்கு jeemain@nta.ac.in. போன்ல லைன் கிடைக்கிறதே பெரும்பாடு. அதனால மெயில் முதல்ல, போன் அப்புறம். ‘சார் ப்ளீஸ், என் வாழ்க்கையே இதுல இருக்கு’ன்னு ரெண்டு பக்கம் எழுதினா, அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. எது நீங்கதான்னு காட்டுமோ அதை எழுதணும். தலைப்புலயே தேர்வு பேரும் அப்ளிகேஷன் நம்பரும். உள்ளே, பத்தாவது மார்க் ஷீட்ல இருக்கிறபடி பேர், பிறந்த தேதி, அப்பா அம்மா பேர், பதிவு பண்ணின பழைய நம்பர், பழைய மெயில், இப்ப உங்க கையில இருக்கிற நம்பர், அது ஏன் மாறுச்சுன்னு ஒரே ஒரு வரி. கூடவே கன்ஃபர்மேஷன் பேஜ், அடையாள அட்டை, கையெழுத்து போட்ட வேண்டுகோள் கடிதத்தோட ஸ்கேன். ‘நம்பரை மாத்திக் கொடுங்க’ன்னு மட்டும் கேட்காம, ‘அது முடியலைன்னா ஹால் டிக்கெட் எடுக்க வேற வழி சொல்லுங்க’ன்னும் கேளுங்க. முதல் கேள்விக்கு விதிப்படி ‘முடியாது’ன்னு பதில் வந்தாலும், ரெண்டாவதுக்கு வழி இருக்கலாம். கன்ஃபர்மேஷன் பேஜ் இல்லைன்னா, ஃபீஸ் கட்டின பேங்க் ஸ்டேட்மென்ட்ல இருக்கிற பரிவர்த்தனை எண்ணைக் கொடுங்க. அதை வச்சும் அவங்க தேட முடியும்.

இன்னொண்ணு. ஹால் டிக்கெட் சீசன்ல, ‘ஐந்நூறு ரூபாய் கொடு, நம்பர் மாத்தித் தரேன்’னு டெலிகிராம்ல சில அண்ணன்மார் சுத்துவாங்க. அவங்க கேட்குறது அப்ளிகேஷன் நம்பர், பிறந்த தேதி, பாஸ்வேர்டு... கடைசியா ஓ.டி.பி.! அதெல்லாம் நம்மகிட்ட இருந்தா நாமே எடுத்துக்க மாட்டோமா?

நெட் சென்டர் அண்ணன்கிட்ட இந்தக் கட்டுரைக்காக மறுபடி பேசினேன். “இப்பல்லாம் அவங்கவங்க மெயிலைத்தான் போடச் சொல்றேன் தம்பி. மெயில் இல்லாதவங்களுக்குப் பத்து நிமிஷம் உட்கார்ந்து புதுசா உருவாக்கி, ஐ.டி.யும் பாஸ்வேர்டும் பேப்பர்ல எழுதிக் கொடுத்துருதேன். பின்னாடி நிக்கிறவங்க சத்தம் போடத்தான் செய்வாங்க. என்ன செய்ய?”ன்னார். கடையில இருக்கிற பழைய பி.டி.எஃப். எதையும் அழிக்கிறதில்லையாம். எங்களுக்கு அது கைகொடுத்தது வாஸ்தவம். நூத்துக்கணக்கான பேரோட பிறந்த தேதியும் கையெழுத்தும் ஒரு பொதுக் கம்ப்யூட்டர்ல கிடக்கிறதை நினைச்சா, எனக்குக் கொஞ்சம் பக்குன்னுதான் இருந்தது.

ரூம்மேட் 22-ஆம் தேதி பரீட்சை எழுதிட்டான். நல்லா எழுதினானாங்கிறது வேற கதை! அந்தத் தேர்வுல நம்பர் மாத்த முடியாதுங்கிறதால, ரிசல்ட், கவுன்சலிங் முடியுற வரைக்கும் அந்த சிம் அப்பாவோட பட்டன் போன்லயே இருக்கப் போகுது. காலாவதி ஆகுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ரீசார்ஜ் பண்ண, இவன் போன்ல அலாரம் வச்சிருக்கான்.

அப்பா இப்ப அந்த நம்பருக்கு வர்ற ஒரு மெசேஜையும் விடுறதில்லை. நேத்து ராத்திரி பத்தரை மணிக்கு போன். ரூம்மேட் ஸ்பீக்கர்ல போட்டான்.

“ஏல, முழிச்சிருக்கியா? ஏதோ நம்பர் வந்திருக்கு. பேனா எடு, குறிச்சுக்கோ... ரெண்டு, ஒம்போது, ஒம்போது...”

நானும் பதறிப்போய் நோட்டை எடுத்தேன்.

“...ரூபா. இருபத்தெட்டு நாளைக்கின்னு போட்டிருக்கு.”